பதிவுக் கணக்கை நம்ப முடியாதபோது எவ்வளவு சமைப்பது?

கேள்வி: நாள் முழுவதும் நடக்கும் ஓர் இலவசக் கூட்டத்துக்கு மதிய உணவு ஏற்பாடு செய்கிறேன். 300 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். இவர்களில் பலர் வர மாட்டார்கள், பதியாத சிலர் வந்து நிற்பார்கள், சாப்பிடுபவர்களில் சிலர் இரண்டாம் முறையும் வாங்குவார்கள். எத்தனை பேருக்குச் சமைப்பது?

பதில்:

ஒரே எண்ணைத் தேடுவதை முதலில் விட்டுவிடலாம். உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு அளவுகளும் ஒரு நேரமும்தான். எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் காலையிலேயே சமைத்துவிடும் அளவு ஒன்று. சமைக்காமல் கையிருப்பாக வைத்திருக்கும் பொருளின் அளவு இன்னொன்று. அந்தக் கையிருப்பை அடுப்பில் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய கடைசி நேரம் மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். உணவு பற்றாக்குறையாவதற்கும் மலைபோல மிஞ்சுவதற்கும் அந்த மறதியே பெரும்பாலும் காரணம். உங்கள் கூட்டத்தையே எடுத்துக்கொண்டு, சோற்றை மட்டும் முன்னிறுத்தி, முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மற்ற பதார்த்தங்களில் கணக்கு எங்கே மாறுகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் எத்தனை தட்டுகள் என்பதைப் பார்க்க வேண்டும். பதிவுப் பட்டியலில் இருப்பவர்களை ஒரே கூட்டமாகக் கருதக் கூடாது. பணம் கட்டிப் பதிந்தவர்கள் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். இலவசமாகப் பதிந்தவர்களிலும், நிகழ்ச்சிக்கு இரண்டொரு நாள் முன்பு பதிந்தவர்கள், மாதக்கணக்கில் முன்னரே பதிந்து மறந்துபோனவர்களைவிட அதிக அளவில் வருவார்கள். இந்தப் பிரிவுகளுக்கெல்லாம் உங்களிடம் பழைய கணக்கு இருந்தால் தனித்தனியே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், இதே மாதிரியான முந்தைய நிகழ்ச்சிகளில் பதிந்தவர்களில் எத்தனை சதவீதம் சாப்பிட்டார்கள் என்ற ஒரே விகிதமாவது வேண்டும். அது சராசரியாக 70 சதவீதம் என்றும், 62-க்கும் 78-க்கும் இடையில் ஆடியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 300 பேரில் 210 பேர் வருவார்கள். கூடுதலோ குறைவோ 24 பேர் இருக்கலாம். பதியாமல் வருவோர் 30 பேர், கூடக்குறைய 12 பேர் என்று வைப்போம். இவர்களோடு பேச்சாளர்கள், தன்னார்வலர்கள், ஒலி ஒளி பார்ப்பவர்கள், பரிமாறுபவர்கள் என 20 பேர் இருப்பார்கள். பதிவுப் பட்டியலில் இவர்கள் பெயர் இருப்பதே இல்லை. ஆனால் இவர்கள் வராமல் போவதும் இல்லை, சாப்பிடாமல் போவதும் இல்லை. ஆக நடு மதிப்பு 260 தட்டுகள்.

இந்த நடு மதிப்பைச் சுற்றி எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். நிகழ்தகவுப் பாடத்தில் சொல்வதுபோல, 300 பேரும் ஒருவரோடொருவர் தொடர்பில்லாமல், ஒவ்வொருவரும் 70 சதவீத வாய்ப்போடு வருகிறார்கள் என்று கொண்டால், திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறக்குறைய 8 பேர்தான் வரும்; அதன் இரு மடங்கை எடுத்தாலும் 16 பேர் மட்டுமே. உண்மையில் இதைவிடப் பெரிய ஆட்டம் இருக்கும். ஒரு குழுவாகப் பதிந்த எட்டுப் பேர் ஒரே வண்டியில் வருவார்கள், அல்லது எட்டுப் பேருமே வர மாட்டார்கள். மழை பெய்தால் எல்லோருடைய மனமும் ஒரே பக்கம் சாயும். மேலும் அந்த 70 சதவீதம் என்பதே ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்த உத்தேசம்தான். ஆகவே கணக்குப் புத்தகம் தரும் 16 பேரைவிட, பழைய நிகழ்ச்சிகளில் கண்ணால் கண்ட 24 பேரையே நம்புவது நல்லது.

பதிந்தவர்களின் ஆட்டத்தையும் பதியாதவர்களின் ஆட்டத்தையும் எப்படிச் சேர்ப்பது? இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால், 24, 12 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கலாம். ஏறக்குறைய 27 வரும். ஆனால் பதிந்தவர்களைத் தடுக்கும் அதே மழை பதியாதவர்களையும் தடுக்கும். பதிந்தவர்களை இழுக்கும் அதே பேச்சாளர் பதியாதவர்களையும் இழுப்பார். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் நேராகக் கூட்டி 36 என்று வைப்பதே பாதுகாப்பானது. ஆகவே உங்கள் வீச்சு 224 முதல் 296 வரை. மேல் எல்லைகூடப் பதிவு எண்ணிக்கையான 300-ஐத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இந்த விகிதங்களால் நேர்ந்த தற்செயல்தான். பணம் கட்டிப் பதியும் கூட்டமாக இருந்து, வாசலில் வருபவர்களையும் அனுமதித்தால், மேல் எல்லை பதிவு எண்ணிக்கையைத் தாண்டிச் செல்வது சாதாரணம்.

அடுத்தது ஒரு தட்டுக்கு எவ்வளவு என்பது. இங்கே முதல் முறை வாங்குவதையும் இரண்டாம் முறை வாங்குவதையும் பிரித்தே எண்ண வேண்டும். "தலைக்கு இவ்வளவு" என்று ஒரே அளவாகப் போட்டால், பற்றாக்குறை வந்தபோது எதைக் குறைப்பது என்று தெரியாமல் போய்விடும். முதல் முறை 180 கிராம் வெந்த சோறு என்று வைப்போம். பத்தில் நான்கு பேர் மறுபடி வருகிறார்கள், அப்போது 100 கிராம் வாங்குகிறார்கள் என்றால், அது எல்லோர் மீதும் பரவும்போது தலைக்கு 40 கிராம். ஆகத் தலைக்கு 220 கிராம். இந்த 180 என்ற எண்ணை எங்கிருந்தும் கடன் வாங்க வேண்டாம். பரிமாறப்போகிறவரின் கையில் பரிமாறப்போகும் கரண்டியையே கொடுத்து, பத்துக் கரண்டி சோற்றை ஒரு பாத்திரத்தில் போடச் சொல்லி எடை போடுங்கள். 180 என்று நினைத்த கரண்டி குவித்துப் போடும்போது 230 ஆக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டமே கால் பங்கு பெருத்ததற்குச் சமமான பிழை அது. அந்தப் பிழை பதிவுப் பட்டியலில் அல்ல, கரண்டியில் இருக்கிறது.

இரண்டாம் முறை வாங்குவோரின் எண்ணிக்கை மனிதர்களின் பசியை மட்டும் பொறுத்ததல்ல. வரிசை நீளமாக இருக்கும்வரை யாரும் மறுபடி போய் நிற்பதில்லை. வரிசை கரைந்து, பாத்திரத்தில் சோறு நிறைந்திருப்பது கண்ணில் படும்போதுதான் தட்டை எடுத்துக்கொண்டு எழுகிறார்கள். எனவே வேகமாகப் பரிமாறினால் மறுமுறை வாங்குவோர் கூடுவார்கள். பேச்சு நேரம் நீண்டு உணவு இடைவேளை சுருங்கினால் குறைவார்கள். இது உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரு வால்வு. "எல்லோரும் ஒரு முறை வாங்கிய பிறகு மறுபடி வரலாம்" என்று முதலிலேயே அறிவித்துவிட்டால், இரண்டாம் முறைக்கான 40 கிராமும் கடைசிவரை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். அது போதாமல் போனால் சிலர் அரைவயிற்றோடு எழுந்ததாக மட்டுமே ஆகும். முதல் முறையே கிடைக்காமல் ஒருவர் திரும்பிப் போவது அதைவிடப் பல மடங்கு மோசமானது. இந்த இரண்டு பற்றாக்குறைகளையும் ஒன்றாக எண்ணாதிருப்பதே பாதி வேலை.

இப்போது அளவுகளைப் போடலாம். மிகக் குறைவான நிலையில் 224 பேர் முதல் முறை மட்டும் சாப்பிட்டால் 40 கிலோ வெந்த சோறு போதும். மிக அதிகமான நிலையில் 296 பேர் தலைக்கு 220 கிராம் சாப்பிட்டால் 65 கிலோ வேண்டும். ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். அரிசியையும் தண்ணீரையும் பொறுத்து இது மாறும் என்பதால், அதே அரிசியில் அரைக் கிலோவை முன்கூட்டியே வேகவைத்து எடை பார்த்துவிடுங்கள். நாம் இரண்டரை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 18 கிலோ அரிசியை எப்படியும் சமைத்துவிடலாம்; 45 கிலோ சோறு கிடைக்கும். மேலும் 8 கிலோ அரிசியை நான்கு நான்கு கிலோவாக இரண்டு பாத்திரங்களில் அளந்து, சமைக்காமல் வைத்துவிடலாம். ஒவ்வொன்றும் 10 கிலோ சோறு தரும். 45, 55, 65 என்று மூன்று படிகள் கிடைத்துவிட்டன. உலைத் தண்ணீர் தயாராக இருந்தால், ஒரு பாத்திரம் வெந்து, அடங்கி, பரிமாறும் இடத்துக்கு வந்து சேர 40 நிமிடம் ஆகும் என்று வைப்போம்.

கையிருப்பை ஏன் மேல் எல்லைவரை வைக்கிறோம், அடிப்படைச் சமையலை ஏன் கீழே நிறுத்துகிறோம் என்பதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரு தட்டு குறைவதால் வரும் கேட்டை, ஒரு தட்டு வீணாவதால் வரும் கேட்டோடு ஒப்பிட வேண்டும். குறைவது வீணாவதைவிட நான்கு மடங்கு மோசம் என்று கருதினால், நான்கை ஐந்தால் வகுத்தால் வரும் 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, பத்தில் எட்டு முறை போதுமானதாக இருக்கும் அளவுக்குத் தயாரிக்க வேண்டும். நம் வீச்சில் அது ஏறக்குறைய 278 தட்டு. காலையிலேயே ஒரே தடவையாகச் சமைத்தாக வேண்டிய எதற்கும் இதுதான் அளவு. ஆனால் வேகாத அரிசி மிஞ்சினால் வீணாவதில்லை, மூட்டைக்கே திரும்பிவிடும். வீணாவதன் கேடு ஏறக்குறைய இல்லாமல் போகும்போது அதே விதி நம்மை 296-க்கும் மேலே தள்ளுகிறது. ஆகவே வாங்குவதில் தாராளமாகவும் அடுப்பில் ஏற்றுவதில் சிக்கனமாகவும் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

இனி அந்தக் கடைசி நேரம். இரண்டு வரிசைகளில் பரிமாறினால், நடைமுறையில் நிமிடத்துக்கு ஆறு தட்டு நகரும். 260 பேருக்கு 43 நிமிடம். சோறு வேக 40 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாத்திரம் காலியாவதைக் கண்ட பிறகு உலை வைத்தால், அந்தச் சோறு வெந்து வரும்போது வரிசையே முடிந்திருக்கும். எனவே முதல் கையிருப்புப் பாத்திரம் பற்றிய முடிவைப் பரிமாறத் தொடங்கும் முன்பே, வாசலில் எண்ணிய எண்ணிக்கையை வைத்து எடுக்க வேண்டும். இரண்டாவது பாத்திரம் பற்றிய முடிவைப் பரிமாறத் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும்; அதற்குமேல் தாமதித்தால் அது யாருக்கும் பயன்படாது. சமையல்காரரிடம் "தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் வையுங்கள்" என்று சொல்வது முடிவே அல்ல. எந்த நேரத்தில், எந்த எண்ணைப் பார்த்து, யார் சொல்வது என்பதை முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு அருகில் ஒட்டிவிடுங்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்கும்? 45 கிலோ சோறு, மறுமுறையையும் சேர்த்து 204 பேருக்குப் போதும். 55 கிலோ 250 பேருக்குப் போதும். ஆகவே சாப்பிடப்போகிறவர்கள் 205-ஐத் தாண்டுவார்கள் என்று தெரிந்தால் முதல் பாத்திரம் ஏற வேண்டும். 250-ஐத் தாண்டுவார்கள் என்று தெரிந்தால் இரண்டாவதற்கும் தயாராக வேண்டும். நம் கீழ் எல்லையே 224 என்பதால், முதல் பாத்திரம் அநேகமாக ஏறிவிடும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். அப்படியானால் அதையும் காலையிலேயே சமைத்துவிடலாமே என்று தோன்றும். சமைக்கலாம், ஆனால் கூட்டம் 200-க்கும் கீழே சரியும் மழை நாள் ஒன்றும் வரத்தான் செய்யும். கடைசியில் வெந்து வரும் சோறு சூடாக இருக்கும் என்பது இன்னொரு ஆதாயம்.

உங்கள் நாள் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணவு மதியம் 12.30-க்கு. 11.30-க்கு வாசலில் இருப்பவர் பதிந்தவர்களில் 190 பேர், பதியாதவர்களில் 22 பேர் உள்ளே வந்திருப்பதாகச் சொல்கிறார். ஏற்பாட்டாளர்கள் 20 பேரைச் சேர்த்தால் 232. முந்தைய நிகழ்ச்சிகளில் இந்த நேரத்தில் எண்ணியது, இறுதியில் சாப்பிட்டவர்களில் பத்தில் ஒன்பது பங்காக இருந்தது என்றால், இறுதி எண்ணிக்கை 258 என்று கொள்ளலாம். முதல் பாத்திரத்தை 11.40-க்கு ஏற்றுகிறீர்கள். 12.20-க்கு வந்துவிடும், மொத்தம் 55 கிலோ. 258 என்பது 250-ஐயும் தாண்டுகிறது. ஆனால் எட்டுப் பேருக்காக இரண்டாவது பாத்திரத்தை உடனே ஏற்றத் தேவையில்லை. தண்ணீரைக் கொதிநிலையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

12.40-க்கு 60 தட்டுகள் போயிருக்கின்றன. பரிமாறும் தட்டகலங்களில் எத்தனை காலியானது, பாதியில் நிற்பதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், 11.5 கிலோ செலவாகியிருக்கிறது. தட்டுக்கு 192 கிராம். இதே வேகத்தில் 258 பேருக்கு முதல் முறைக்கே 49.5 கிலோ போய்விடும், மிச்சம் 5.5 கிலோ. மறுமுறைக்கு எதிர்பார்த்ததோ 10 கிலோவுக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 5 கிலோ இடிக்கிறது. இங்கே அனுபவம் ஒன்று சொல்லும்: வரிசையின் முன்னால் நிற்பவர்கள் மிகவும் பசித்தவர்கள், அதிகம் சாப்பிடுபவர்கள். பின்னால் வருபவர்களின் சராசரி இதைவிடக் குறைவாகவே இருக்கும். முழு வரிசைக்கும் 185 கிராம் என்று வைத்தால் இடைவெளி 3 கிலோவாகச் சுருங்கிவிடும். அதுவும் மறுமுறையில் மட்டும். முதல் முறை எல்லோருக்கும் உறுதியாக உண்டு. எனவே நானாக இருந்தால் இரண்டாவது பாத்திரத்தை ஏற்ற மாட்டேன். கையிருப்பில் இருக்கும் ரொட்டியையும் பழத்தையும் மறுமுறை வாங்கும் இடத்தில் எடுத்து வைக்கச் சொல்வேன்.

அந்த 60 தட்டுக்கு 11.5 கிலோவுக்குப் பதில் 15 கிலோ செலவாகியிருந்தால் கதையே வேறு. தட்டுக்கு 250 கிராம். 55 கிலோவும் 220 பேரோடு தீர்ந்துவிடும். அப்போது இரண்டாவது பாத்திரத்தை உடனே ஏற்றுவதோடு கரண்டியையும் மாற்ற வேண்டும். பரிமாறுபவரிடம் "குறைத்துப் போடுங்கள்" என்று சொல்வதால் பயனில்லை. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கை தானாகவே பழைய அளவுக்குப் போய்விடும். சிறிய கரண்டியைக் கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடம் அவருக்கும் இல்லை. எல்லோரும் தாமே எடுத்துக்கொள்ளும் முறையாக இருந்தால், காய்கறியையும் ரொட்டியையும் வரிசையின் தொடக்கத்துக்கும் முதலில் தீரக்கூடியதைக் கடைசிக்கும் நகர்த்துங்கள். தட்டில் இடம் குறைந்த பிறகு எடுப்பது குறைவாகவே இருக்கும்.

சோற்றைப் போலவே எல்லாவற்றையும் 40 நிமிடத்தில் கூட்ட முடியாது என்பதுதான் இந்த முறையின் எல்லை. நீண்ட நேரம் வேக வேண்டிய இறைச்சி, முந்தைய நாளே ஊறவைத்த பருப்பு வகைகள் போன்றவற்றுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அவற்றில் துண்டாக எண்ணிப் போடக்கூடியவற்றுக்கு மறுமுறை என்பதையே எடுத்துவிட்டு, மேல் எல்லையான 296-ஐ முழுமையாக்கி 300 துண்டுகள் வைத்துவிடுவதே எளிது. எண்ணிக்கையாக இருப்பதால் எத்தனை பேருக்கு மிச்சம் என்பது எப்போதும் கண்ணெதிரே தெரியும். விலை கூடிய பொருளாக இருந்தால் 278 வைத்துக்கொண்டு, மிச்ச 20 பேருக்குச் சட்டென்று செய்யக்கூடிய வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். குழம்பு வகைக்கு நடுவழி ஒன்று உண்டு. வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் சேர்த்து வதக்கிய தொக்கை மேல் எல்லைக்குத் தயாரித்து, அதில் 258 பேருக்கான பங்கை மட்டும் நீர் விட்டு விரிக்கலாம். விரிக்காத தொக்கு குளிரில் தாங்கும்.

இரண்டு வகை முதன்மை உணவு இருந்தால், விருப்பங்களின் கூட்டுத்தொகை நூறில் நிற்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இறைச்சி உணவுக்கு 60 சதவீதம், சைவத்துக்கு 40 சதவீதம் என்று பதிந்திருந்தாலும், இறைச்சி சாப்பிடுபவர்கள் சைவத்தையும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். சைவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பட்டியலின்படி சமைத்தால், தீர்ந்துபோவது எப்போதும் சைவம்தான். பாதிக்கப்படுவதும் வேறு வழியில்லாத அவர்கள்தான். 40-க்குப் பதில் 50 சதவீதத்துக்குச் சமைப்பதோடு, கடைசியில் வரும் சைவர்களுக்கான பங்கைத் தனிப் பாத்திரத்தில் மூடி வைத்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கான உணவு இந்தக் கணக்கிலேயே வராது. அதைப் பெயர் எழுதிய பொட்டலமாகவே தர வேண்டும். அதில் உத்தேசத்துக்கு இடமில்லை.

மிஞ்சியதைப் பற்றி ஒரு வார்த்தை. பரிமாறும் இடத்துக்கு வராமல், 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் மூடி இருந்த உணவை மட்டுமே பிறருக்குக் கொடுக்கலாம். குளிரூட்ட வேண்டுமென்றால் அகலமான தட்டகலங்களில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் நன்றாக ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். சோற்றில் இது மிகவும் முக்கியம். அரிசியில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாகவே கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அடுப்பில் ஏறாத நான்கு கிலோ அரிசிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கு உதவும் குறிப்புகளை எடுக்கும்போது, வருகைப் பதிவேட்டை நம்பாதீர்கள். உள்ளே வந்தவர்களில் சிலர் சாப்பிடாமலே போய்விடுவார்கள். காலையில் எடுத்து வைத்த தட்டுகளில் சுத்தமாக மிஞ்சியிருப்பதைக் கழித்தால், சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பது பிசகாமல் தெரியும். மறுமுறைக்கு அதே தட்டையே கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் நாளில் 251 தட்டுகள் போயிருக்கின்றன என்று வைப்போம். ஏற்பாட்டாளர்கள் 20 பேர், பதியாமல் வந்தவர்கள் 26 பேர் போக, பதிந்தவர்களில் 205 பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், 68 சதவீதம். பாத்திரத்தில் மிஞ்சிய சோறு 1.5 கிலோ என்றால், செலவு 53.5 கிலோ, தலைக்கு 213 கிராம். 11.30-க்கு எண்ணியது, இறுதி எண்ணிக்கையில் பத்தில் ஒன்பதைவிடச் சற்று அதிகம்.

பாத்திரத்தில் மிஞ்சுவதையும் தட்டில் மிஞ்சுவதையும் தனித்தனியே எடை போடுங்கள். பாத்திரத்தில் மிஞ்சியது ஆட்களைத் தவறாக எண்ணியதால் வந்தது. தட்டில் மிஞ்சியது கரண்டி பெரிதாக இருந்ததால் வந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டால் எதைத் திருத்துவது என்று தெரியாது.

ஏதாவது ஒரு பதார்த்தம் தீர்ந்துபோயிருந்தால், அது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, அப்போது வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். சோறே தீர்ந்துபோயிருந்தால், அன்று செலவான 55 கிலோ என்பது அவ்வளவுதான் இருந்தது என்பதைக் காட்டுமே தவிர, அவ்வளவுதான் தேவைப்பட்டது என்பதைக் காட்டாது. அந்தக் குறிப்பு இல்லாமல் 55 கிலோவை 251-ஆல் வகுத்து அடுத்த முறைக்குத் தலைக்கணக்காக வைத்துக்கொள்பவர்கள், ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாகத் தீர்ந்தது என்று மகிழ்ந்துகொண்டே, ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசி இருபது பேரைப் பட்டினி போடுவார்கள்.